பான் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தகப்பனார் பெயர்!
பாங்கியில் டெபாசிட் பாரம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

பாங்கியில் டெபாசிட் போடப் போகிறவர்களிடம் ஒரு பாரம் கொடுக்கிறார்கள். அதில் பத்துச் சிறு கட்டங்கள் இருக்கும். "பான் எண்" என்று பக்கத்தில் போட்டிருக்கும்.

பலர் இந்தக் கட்டங்களைக் கடைசியில்தான் நிரப்புகிறார்கள். கார்டு வீட்டில் இருக்கும். எண் பாதி ஞாபகத்தில் இருக்கும். அல்லது மகன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருப்பான். அதைப் பார்த்து எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த எண்ணைப் பாங்கியின் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாமல் திருப்பிவிட்டால் நல்லது. அங்கேயே திருத்திவிடலாம். தப்பான எண்ணை அது வாங்கிக்கொண்டால்தான் தொல்லை ஆரம்பமாகிறது.

எவ்வளவு ரூபாய்த் தொல்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

மீனாட்சி அம்மாள் கணக்கு

மீனாட்சி என்று ஓர் அம்மாளை எண்ணிக்கொள்வோம். வயது 54. கணவர் பெயர் ராமசாமி. தகப்பனார் பெயர் சுந்தரம். நிலம் விற்ற பணம் 8 லட்சம் ரூபாயைப் பாங்கியில் டெபாசிட் போடுகிறார். வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 14,000 ரூபாய் வட்டி வரும். ஆண்டுக்கு 56,000 ரூபாய்.

2025 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, 60 வயது ஆகாதவருக்கு ஒரு பாங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், பாங்கி அந்த வட்டியிலிருந்து வரி பிடிக்க வேண்டும். 60 வயது ஆனவருக்கு இந்த வரம்பு ஒரு லட்சம் ரூபாய்.

பிடிக்கும் வரி 10 சதவீதம். ஆனால், சரியான பான் எண் பாங்கியிடம் இல்லாவிட்டால் 20 சதவீதம்!

மீனாட்சி அம்மாளின் எண் சரியாக இருந்தால் 5,600 ரூபாய் பிடிப்பார்கள். எண் தவறாக இருந்தால் 11,200 ரூபாய் போய்விடும். ஒரு எழுத்துப் பிசகுக்கு ஆண்டுக்கு 5,600 ரூபாய் வித்தியாசம்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பிடித்த வரி யாருடைய கணக்கில் சேருகிறது? வரியைப் பிடித்த பாங்கி அதை அரசாங்கத்துக்குக் கட்டும்போது, இன்னாருடைய வரி என்பதைப் பான் எண்ணை வைத்துத்தான் சொல்கிறது. எண் கிடைக்காதபோது அந்தப் பத்து இடத்தில் PANNOTAVBL என்று போடுவது வழக்கம். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து எழுத்து! "பான் கிடைக்கவில்லை" என்பதன் சுருக்கம் அது. அப்படிக் கட்டிய பணம் மீனாட்சி அம்மாளின் பெயரில் வரவு ஆகாது. "எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, திருப்பித் தாருங்கள்" என்று அவர் கேட்கப் போனால், அவர் பெயரில் பணமே வந்திருக்காது.

வருமானம் குறைவாக உள்ளவர்கள் "என் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம்" என்று பாங்கியில் ஓர் உறுதிமொழிப் பாரம் கொடுப்பது உண்டு. வெகு காலமாக 15ஜி, 15எச் என்ற பெயரில் ஜனங்களுக்குப் பழக்கமானவை இவை. சரியான பான் எண் இல்லையென்றால் அந்த உறுதிமொழியும் செல்லாது.

பத்து இடங்களும் ஒரே மாதிரி அல்ல

பான் எண் 1972-ம் ஆண்டில் வந்தது. இப்போது உள்ள பத்து இட அமைப்பு 1995-க்குப் பிறகு வழக்கத்துக்கு வந்தது. இது கண்டபடி சேர்த்த எழுத்துக் குவியல் அல்ல. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு.

உதாரணத்துக்கு மீனாட்சி அம்மாளின் எண் இது என்று வைத்துக்கொள்வோம்:

```
ABCPS0000K
```

(இப்படி ஓர் எண் உண்மையில் யாருக்கும் கிடையாது. நடுவில் உள்ள நான்கு இலக்கங்கள் 0001-ல்தான் தொடங்கும். 0000 கிடையாது. யாருடைய எண்ணும் பத்திரிகையில் அச்சாகிவிடக் கூடாது அல்லவா?)

முதல் ஐந்து இடங்களும் ஆங்கில எழுத்துகள். அடுத்த நான்கும் இலக்கங்கள். கடைசி இடம் மறுபடியும் எழுத்து. எல்லாம் பெரிய எழுத்துகள். இடைவெளியோ, புள்ளியோ, கோடோ கிடையாது.

இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டாலே பாதித் தவறுகளைக் கண்டுபிடித்துவிடலாம். கையெழுத்தில் S என்ற எழுத்தும் 5 என்ற இலக்கமும் ஒன்று போலவே விழும். O என்ற எழுத்தும் பூஜ்யமும் அப்படியே. I என்ற எழுத்தும் 1-ம், B-யும் 8-ம், Z-ம் 2-ம் இரட்டைப் பிள்ளைகள். பாங்கிக் குமாஸ்தாக்கள் தினமும் திண்டாடுவது இவற்றோடுதான்.

மீனாட்சி அம்மாள் பாரத்தில் இப்படி எழுதிவிட்டார்:

```
ABCP5OOOOK
```

குமாஸ்தா அதைப் பார்த்தபடியே தட்டினார். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.

"அம்மா, இந்த நம்பர் ஏறமாட்டேன் என்கிறது."

"ஏன் தம்பி, கார்டைப் பார்த்துத்தானே எழுதினேன்?"

குற்றம் எங்கே என்று விதி சொல்கிறது. ஐந்தாவது இடத்தில் 5 இருக்கிறது. அங்கே எழுத்துதான் வர வேண்டும். ஆறு முதல் ஒன்பது வரை O என்ற எழுத்து இருக்கிறது. அங்கே இலக்கம்தான் வர வேண்டும்.

ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை. தவறு எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் விதி சொல்லும். சரியான எழுத்து எது என்று கார்டுதான் சொல்ல வேண்டும். "5 இருக்கிறது, அப்படியானால் S-ஆகத்தான் இருக்கும்" என்று ஊகித்து எழுதக் கூடாது. கார்டை எடுத்து ஒத்துப்பார்க்க வேண்டும். அதுவும் அசல் கார்டாக இருக்கட்டும். நகலுக்கு நகல் எடுத்த கறுத்த காகிதத்தில் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். 1-ம் 7-ம் ஒன்றாகிவிடும். இரண்டும் இலக்கங்களே ஆனதால், விதிக்கு அந்தத் தவறு அகப்படாது. U-வும் V-யும், M-ம் N-ம் மாறிப்போனாலும் அப்படியே.

ஒத்துப்பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒருவர் கார்டைப் பார்த்து ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொல்ல, மற்றவர் பாரத்தில் விரல் வைத்துப் பார்த்து வர வேண்டும். எழுதியவரே தனியாகப் படித்தால், தான் எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும், எழுதியதைப் படிக்காது.

நாலாவது எழுத்து: ஆளா, சங்கமா?

நாலாவது எழுத்து, எண்ணுக்கு உரியவர் எந்த ரகம் என்று காட்டுகிறது. தனி மனிதர் என்றால் P. ஆணோ பெண்ணோ, குழந்தையோ கிழவரோ, தனி மனிதர் எல்லோருக்கும் P-தான். கம்பெனிக்கு C. கூட்டு வியாபார நிறுவனத்துக்கு F. அறக்கட்டளைக்கு T. சங்கம் போன்ற கூட்டமைப்புக்கு A. இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு H. இன்னும் சில உண்டு.

ஆகவே, ஒருவர் தம் சொந்தப் பெயரில் போடும் டெபாசிட் பாரத்தில் நாலாவது எழுத்து P-யாக இல்லாவிட்டால், எழுதியவர் பிசகியிருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மாறாகவும் நடக்கும். ஊர்ச் சங்கத்துப் பணத்தை டெபாசிட் போடப் போகும் பொருளாளர், சங்கத்துக்குத் தனி எண் இருக்க, தம் சொந்த எண்ணை எழுதிவிடுகிறார். சங்கத்து வட்டி முழுவதும் அவருடைய வருமானமாகப் பதிவாகிவிடும்!

கடைசி எழுத்தான பத்தாவது, ஒரு காவற்காரன் மாதிரி. முன்னால் உள்ள ஒன்பது இடங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு வருமான வரி இலாகா அதைத் தருகிறது. அந்தக் கணக்கு முறையை இலாகா வெளியிடவில்லை. ஆதலால் நாம் கையால் போட்டுப் பார்க்க வழியில்லை.

ஐந்தாவது எழுத்தில்தான் கதை

மற்ற இடங்களை விட்டுவிடலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முக்கியமானது ஐந்தாவது எழுத்து.

தனி மனிதருக்கு, குடும்பப் பெயரின் முதல் எழுத்து அந்த இடத்தில் வரும். வடக்கே சர்மா, குப்தா என்று குடும்பப் பெயர் உண்டு. சர்மாவுக்கு S, குப்தாவுக்கு G. அங்கே சிக்கல் இல்லை.

நமக்கோ குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு சொந்தப் பெயரை எழுதுகிறோம். எஸ். மீனாட்சி. அவ்வளவுதான்.

பான் கார்டுக்கான விண்ணப்பத்திலோ, பெயர்க் கட்டங்களில் இனிஷியல் எழுதக் கூடாது என்பது விதி. அதை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். அப்படி விரித்த தகப்பனார் பெயரைப் பலர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டார்கள். அப்படியானால் இலாகாவின் ஏட்டில் பெயர் MEENAKSHI SUNDARAM. ஐந்தாவது எழுத்து S.

சிலர் ஒற்றைப் பெயர் மட்டும் கொடுத்தார்கள். ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் எழுத வேண்டும். அப்படியானால் ஏட்டில் பெயர் வெறும் MEENAKSHI. ஐந்தாவது எழுத்து M.

ஆக, அன்றைக்கு விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜெண்டு எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரைப் போட்டார் என்ற பழங்கதை அந்த ஒற்றை எழுத்தில் பதிந்து கிடக்கிறது. மீனாட்சி அம்மாளின் எண்ணில் ஐந்தாவது எழுத்து S. தகப்பனார் சுந்தரத்தின் பெயர் அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு விசேஷம். 49ஏ என்ற பழைய விண்ணப்பத்தில், "கார்டில் பெயர் எப்படிச் சுருக்கி அச்சாக வேண்டும்?" என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் இனிஷியலோடு எழுத அனுமதி உண்டு. ஆகையால் கார்டில் S MEENAKSHI என்று அச்சாகியிருக்கும். இலாகாவின் ஏட்டில் MEENAKSHI SUNDARAM என்று இருக்கும். கார்டு ஒன்று சொல்லும்; ஏடு வேறு சொல்லும். கார்டைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் பெயர் எழுதியவருக்கும் "பெயர் பொருந்தவில்லை" என்ற பதில் வருவது இதனால்தான்.

எண் சரி, பெயர் சரியில்லை!

மீனாட்சி அம்மாளின் பாரத்துக்குத் திரும்புவோம். எண்ணைத் திருத்தியாகிவிட்டது. ABCPS0000K. அமைப்பில் குறை ஏதும் இல்லை. குமாஸ்தா மறுபடியும் தட்டினார்.

"அம்மா, நம்பர் இருக்கிறது. ஆனால் பெயர் ஒத்துவரவில்லை. உங்கள் பெயர் ஆர். மீனாட்சிதானே?"

"ஆமாம் தம்பி. அவர் பெயர் ராமசாமி. கல்யாணத்துக்குப் பிறகு ஆர். மீனாட்சி என்றுதான் எல்லாவற்றிலும்."

"எல்லாவற்றிலும்" என்று அவர் சொன்னாலும், பான் ஏட்டில் மட்டும் அவர் இன்னும் சுந்தரத்தின் மகள்தான். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய எண் அது.

கூர்ந்து பார்த்தால் எண்ணே இதைக் காட்டிக்கொடுக்கிறது. பாரத்தில் இனிஷியல் R. எண்ணில் ஐந்தாவது எழுத்து S. குடும்பப் பெயர் இடத்தில் ராமசாமியும் இல்லை, மீனாட்சியும் இல்லை. S-ல் தொடங்கும் வேறொரு பெயர் இருக்கிறது. "உங்கள் தகப்பனார் பெயர் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். "பெயர் மாறிவிட்டது, ஆகையால் புது எண் வாங்க வேண்டும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். கூடாது! ஒருவருக்கு ஒரே எண்தான். இரண்டு வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதத்துக்கு இடம் உண்டு. பெயரைத் திருத்தலாம், எண் மாறாது. ஏட்டில் MEENAKSHI RAMASAMY என்று திருத்தி, புதுக் கார்டு வந்தாலும், எண் அதே ABCPS0000K-தான். ஐந்தாவது எழுத்து சாகும் வரை S-தான்.

அதனால், ஐந்தாவது எழுத்து இப்போதைய பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், எண் தவறு என்று உடனே தீர்மானித்துவிடக் கூடாது. "ஏன் ஒத்துப்போகவில்லை?" என்று கேட்பதற்கு அது ஓர் அடையாளம். கல்யாணம் ஆன பெண்களுக்கும், பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கும் அதற்கு நியாயமான காரணம் இருக்கும்.

எதைத் திருத்துவது, பாங்கிப் பெயரையா, பான் பெயரையா? ஆதார் அட்டையிலும் மற்றக் காகிதங்களிலும் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனித்து நிற்பது எதுவோ அதைத் திருத்துவதே முறை. மீனாட்சி அம்மாளுக்கு எல்லாவற்றிலும் ராமசாமி இருப்பதால், பான் ஏட்டைத் திருத்துவதே நல்லது. பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும் என்பது ஏற்கனவே உள்ள விதி. இணைக்க வேண்டியவர்கள் இணைக்காமல் விட்ட எண்கள் 2023 ஜூலை முதல் செயலற்றுப் போயின. செயலற்ற எண்ணைக் கொடுத்தாலும் வட்டியில் 20 சதவீதம்தான் பிடிப்பார்கள். பெயர் வித்தியாசத்தாலேயே அந்த இணைப்பு நடக்காமல் நின்றுபோனவர்கள் உண்டு.

மகன் எழுதிக் கொடுத்த எண்

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஏனென்றால், இதில் எழுத்துப் பிசகே கிடையாது.

டெபாசிட் இரண்டு பேர் பெயரில். முதல் பெயர் மீனாட்சி அம்மாள். இரண்டாவது பெயர் மகன். வீட்டில் பாரத்தை நிரப்பியவர் மகன். பான் எண் கேட்ட இடத்தில், வாய்க்கு வந்தபடி தமக்கு மனப்பாடமான எண்ணை, அதாவது தம் எண்ணையே எழுதிவிட்டார்:

```
ABDPR0000H
```

பரிசோதித்துப் பாருங்கள். ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. அமைப்பு சரி. நாலாவது P. தனி மனிதர். சரி. ஐந்தாவது R. பாரத்தில் உள்ள பெயர் ஆர். மீனாட்சி. அதுவும் சரியாகவே தோன்றுகிறது!

தாயாரின் இனிஷியல் கணவர் ராமசாமியால் வந்த R. மகனுடைய எண்ணில் உள்ள R, தகப்பனார் ராமசாமியால் வந்தது. இரண்டும் ஒரே மனிதரின் பெயர். தாயாரின் சொந்த எண்ணில் S இருந்து சந்தேகத்தைக் கிளப்பியது. மகனின் எண்ணோ, தாயாரின் சொந்த எண்ணைக் காட்டிலும் பொருத்தமாகத் தெரிகிறது!

கண்ணால் பார்க்கிறவர் யாரும் இங்கே ஏமாந்துவிடுவார்கள். முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் இலாகாவின் ஏட்டோடு ஒத்துப்பார்த்தால் மட்டுமே குட்டு வெளிப்படும்.

ஒத்துப்பார்க்காமல் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? கூட்டு டெபாசிட்டில் முதல் பெயர்க்காரரின் வட்டியாகவே பாங்கி கணக்கு எழுதும். அவருக்கு உரிய எண் என்று மகனின் எண் பதிந்திருக்கிறது. ஆகவே 56,000 ரூபாய் வட்டி, மகனுடைய வருமானமாக இலாகாவுக்குப் போகும். பிடித்த 5,600 ரூபாய் வரியும் மகனின் கணக்கில் வரவாகும். தாயார் கேட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை. மகனோ, தாம் கண்ணால் காணாத வட்டிக்கு இலாகாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தவறு இந்த ஒரு டெபாசிட்டோடு நிற்பதும் இல்லை. பாங்கிகள் பான் எண்ணை டெபாசிட் ரசீதோடு மட்டும் முடிச்சுப் போடுவதில்லை. வாடிக்கையாளர் எண் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. அதோடு பானைச் சேர்க்கிறார்கள். மீனாட்சி அம்மாளின் வாடிக்கையாளர் எண்ணில் மகனின் பான் ஏறிவிட்டால், அதே பாங்கியில் அவர் வேறு கிளையில் போட்ட டெபாசிட்டுகளும் அதன் கீழ் வந்துவிடும்.

சிறுவர் சிறுமியர் பெயரில் டெபாசிட் போடும்போது, பிள்ளைக்குப் பான் இல்லாவிட்டால், பெற்றோர் எண்ணைக் கொடுப்பது உண்டு. அது தவறு அல்ல. ஆனால் அதைக் காப்பாளருக்கு உரிய இடத்தில் எழுத வேண்டும். பிள்ளையின் இடத்தில் அல்ல.

பாரம் கொடுக்குமுன் வீட்டிலேயே பார்க்கலாம்

பாங்கி சரிபார்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் யாரும் செலவில்லாமல் பார்க்கலாம். செல்போனிலேயே பார்க்கலாம். முகவரி incometax.gov.in. முதல் பக்கத்தில் Verify PAN Status என்று ஓர் இணைப்பு இருக்கிறது.

அதைத் தொட்டால் நான்கு விவரம் கேட்கும்: பான் எண், முழுப் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண். போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை அங்கே போட்டால் பதில் கிடைக்கும். எண் செயலில் இருக்கிறதா, கொடுத்த பெயரும் தேதியும் ஏட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று தெரியவரும். ஏட்டில் உள்ள பெயர் என்ன என்று அது சொல்லாது. நாம் சொன்னது சரியா என்று மட்டும் சொல்லும்.

ஆகையால் மீனாட்சி அம்மாள் வீட்டில் உட்கார்ந்து முதலில் MEENAKSHI RAMASAMY என்று போட்டுப் பார்க்கலாம். பொருந்தாது. ஐந்தாவது எழுத்து S என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்து MEENAKSHI SUNDARAM என்று போட்டால் பொருந்திவிடும். பாங்கிக்குப் போகுமுன்பே, தம் பெயர் ஏட்டில் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பெயர் சரியாக இருந்தும் பொருந்தாவிட்டால் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு தேதி, உண்மையில் பிறந்தது வேறு தேதி என்று உள்ள பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். பான் கார்டில் எந்தத் தேதி அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும்.

ஒரு ஜாக்கிரதை. "இன்றைக்குள் பான் எண்ணைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று போனில் ஒரு செய்தியும், தொட்டுத் திறக்க ஓர் இணைப்பும் வந்தால், அது மோசடிக்காரன் விரித்த வலை. இலாகாவின் முகவரி gov.in என்று முடியும். அதையும் கையால் அடித்துத் திறப்பதே நல்லது.

பாங்கியில் பாரத்தைக் கொடுத்தபின், குமாஸ்தா எண்ணை ஏற்றும்போது அருகிலேயே நிற்கலாம். கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் எண்ணையும் பெயரையும் ஒரு தரம் வாசித்துக் காட்டும்படி கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாரத்தில் சரியாக எழுதியதைக் கம்ப்யூட்டரில் தவறாகத் தட்டுவதும் உண்டு. B-யும் C-யும் இடம் மாறி ACBPS0000K என்று ஏறினால், அமைப்பு விதிப்படி அதில் ஒரு குறையும் தெரியாது.

ஏற்கனவே தவறு நடந்துவிட்டிருந்தால்?

கார்டின் நகலோடு பாங்கிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மனுவில் இரண்டு காரியங்களைக் கேட்க வேண்டும். ஒன்று, இனி வரும் வட்டிக்காக வாடிக்கையாளர் எண்ணில் பானைத் திருத்துவது. மற்றொன்று, ஏற்கனவே பிடித்துக் கட்டிய வரிக்காக இலாகாவுக்குத் திருத்தக் கணக்கு அனுப்புவது. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறவர்களே அதிகம். பாங்கி மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலாகாவுக்குக் கணக்கு அனுப்புகிறது. போன கணக்கு தானாகத் திருந்தாது.

கூடுதலாகப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிட்ட பணத்தைப் பாங்கி கவுண்டரில் திருப்பித் தராது. திருத்தக் கணக்கு போய், தொகை மீனாட்சி அம்மாளின் சொந்த எண்ணில் வரவான பிறகு, அவர் அந்த ஆண்டுக்கு உரிய வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து இலாகாவிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கெடு உண்டு. ஆகவே மனுவைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், அடுத்த மூன்று மாதக் கணக்கு போனதும், தம் எண்ணில் வரவு தெரிகிறதா என்று இலாகாவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.